பத்துக்கு எட்டு எடுத்த மாணவன்: ஒரு காலைக் கூட்டப் பேச்சின் நிகழ்வு ஆய்வு

பள்ளிக் காலைக் கூட்டத்தில் "எதையும் ஆதாரம் கேட்டு நம்புங்கள்" என்று பேசுவது புதிதல்ல. வழக்கமான குறளில் தொடங்கி, வதந்தியை நம்பாதீர்கள், அலைபேசியில் வருவதை எல்லாம் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள் என்று முடியும். பிள்ளைகள் கை தட்டிவிட்டு வகுப்புக்குப் போவார்கள். போன பிறகு எதுவும் மாறியிருக்காது, ஏனென்றால் ஆதாரம் கேள் என்று சொன்னோமே தவிர, எது ஆதாரம், எது ஆதாரம் மாதிரி வேஷம் போட்டு வருவது என்று யாருக்கும் காட்டவில்லை.

எங்கள் அறிவியல் ஆசிரியை இந்த முறை வேறு மாதிரி செய்தார். இருபது நிமிடம், ஒரே ஒரு கூற்று, மேடையில் ஒரு சோதனை. நான் அதன் தயாரிப்பிலும் இருந்தேன், கூட்டத்திலும் இருந்தேன், அடுத்த சில வாரங்கள் வகுப்புகளில் என்ன நடந்தது என்பதையும் பார்த்தேன். இதே மாதிரி பேச நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் முழுசாக எழுதுகிறேன்.

கூற்று எங்கிருந்து வந்தது

அவர் எடுத்துக்கொண்ட கூற்று இது: மனித உடலைச் சுற்றி ஒரு சக்தி மண்டலம் இருக்கிறது, கவனம் குவித்தால் இன்னொருவருடைய சக்தியை உள்ளங்கையில் உணரலாம். இதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், இதற்குப் பின்னால் உண்மையில் நடந்த ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்தவள் ஒன்பது வயதுச் சிறுமி.

1970களில் அமெரிக்காவில் 'தெரப்பியூட்டிக் டச்' என்றொரு சிகிச்சை முறை உருவானது. டோலோரஸ் க்ரீகர் என்ற செவிலியர் பேராசிரியரும் டோரா குன்ஸ் என்பவரும் அதைத் தொடங்கினார்கள். பெயரில் தொடுதல் இருந்தாலும் நோயாளியைத் தொடத் தேவையில்லை. உடலுக்குச் சில அங்குலம் மேலே கையை நகர்த்தி, அவருடைய சக்தி மண்டலத்தில் எங்கே தடை இருக்கிறது என்று உணர்ந்து சரிசெய்வதாகச் சொன்னார்கள். பல ஆயிரம் செவிலியர்கள் கற்றுக்கொண்டார்கள், மருத்துவமனைகளிலும் செய்தார்கள். அந்தச் சிறுமி, எமிலி ரோசா, அதைப் பற்றிய ஒரு வீடியோவைப் பார்த்தாள். நான்காம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு ஒரு செயல்திட்டம் வேண்டியிருந்தது. சிகிச்சை பலிக்கிறதா இல்லையா என்கிற பெரிய விவாதத்துக்குள் அவள் போகவே இல்லை. அதற்கு முந்தைய படியைக் கேட்டாள்: அந்தச் சக்தியை இவர்களால் உண்மையிலேயே உணர முடிகிறதா?

நடுவில் ஒரு உயரமான அட்டை. அதன் அடியில் இரண்டு ஓட்டைகள். சிகிச்சையாளர் ஒரு பக்கம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஓட்டைகள் வழியாக நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க வைப்பார். எட்டிப் பார்க்க முடியாதபடி கைகளின் மேல் ஒரு துண்டு. எமிலி பூவா தலையா போட்டு, அதன்படி வலது கைக்கோ இடது கைக்கோ 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேலே என்று சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 21 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு ஒரு வருட அனுபவம், சிலருக்கு இருபது வருடத்துக்கும் மேல். முதல் சுற்றில் 150 முயற்சியில் 70 சரி. இரண்டாம் சுற்றில் 130இல் 53 சரி. மொத்தம் 280க்கு 123, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வரும். இது 1998 ஏப்ரலில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழான 'ஜாமா'வில் வந்தது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா லிண்டா ரோசா ஒரு செவிலியர், கட்டுரையை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கதையை மட்டும் சொல்லி முடித்திருந்தாலே நல்ல பேச்சுதான். ஆனால் ஆசிரியை ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "கதையாச் சொன்னா, அந்தப் பொண்ணு கெட்டிக்காரின்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தாங்களும் ஏமாறுவோம்னு இவங்களுக்குத் தெரியணும்" என்றார். அதனால் கதை பிற்பாதிக்குப் போனது. முதலில் பிள்ளைகள் ஒரு ஆதாரத்தை நம்ப வேண்டும், கை தட்ட வேண்டும், அப்புறம்தான் அந்த ஆதாரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முந்தின நாள் ஆய்வகத்தில்

அட்டை, ஓட்டை, துண்டு எல்லாம் எமிலி செய்தது மாதிரியே செய்தோம். செய்து பார்த்தபோதுதான் அந்த எளிய சோதனையில் எத்தனை இடத்தில் தகவல் கசியும் என்று தெரிந்தது.

முதலில் ஒத்திகை பார்த்த மாணவி ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். ஒரு நிமிடம் எங்களுக்கே வியப்பாக இருந்தது. காரணம் தூரம். கையைப் பிடித்த மாணவன் சோர்ந்துபோய் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு இறக்கிவிட்டான். அந்தத் தூரத்தில் உடல் சூடு உள்ளங்கையில் நன்றாகவே தெரியும், அதற்குச் சக்தி மண்டலம் எதுவும் வேண்டாம். அளவுகோலை நிறுத்தி வைத்துப் பத்து சென்டிமீட்டரைக் காத்தோம். மின்விசிறியை அணைத்தோம், இல்லாவிட்டால் காற்று சூட்டைக் கொண்டுபோகும், கை குறுக்கே வந்தால் காற்று தடைபடுவதும் தெரியும். சட்டைக் கை துண்டில் உரசும் சத்தம், கையை வைப்பவர் ஒரு பக்கம் சாயும்போது நாற்காலி முனகும் சத்தம், இதெல்லாம் கூடக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஒவ்வொரு முயற்சிக்கும் உடனே சரி, தப்பு என்று சொல்லாமல் பத்தும் முடிந்த பிறகே சொல்வது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமிலிக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரியும். கறாரான சோதனையில் அவளுக்கும் தொடர்பில்லாத ஒருவர் கையை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லலாம், நியாயமான குறைதான். ஆனால் அவளிடமிருந்து சூடோ சத்தமோ கசிந்திருந்தால் சிகிச்சையாளர்களின் மதிப்பெண் கூடியிருக்கும், குறைந்திருக்காது. அவர்களுக்குச் சாதகமாகக் கசிய வாய்ப்பிருந்தும் பாதியைத் தாண்டவில்லை. ஒரு சோதனையில் குறை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளும் என்றும் கேட்க வேண்டும். பெரியவர்களின் விவாதங்களிலேயே இந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை.

சரி, பன்னிரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்குப் பத்து முயற்சி வைத்தோம். "உள்ளங்கையில் ஏதாவது உணர்வு வந்தால் அதைக் கவனி" என்று மட்டும் சொன்னார் ஆசிரியை. பதிவேட்டில் இரண்டு பத்திகள் போடச் சொன்னார். சொன்ன பதில் ஒன்றில், 'உறுதியாக உணர்ந்தேன்' அல்லது 'சும்மா சொன்னேன்' என்பது இன்னொன்றில். இரண்டாவது பத்தி எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் புரிந்தது.

மதிப்பெண்கள் 8, 7, 6, 6, 5, 5, 5, 5, 4, 4, 3, 3. மொத்தம் 120க்கு 61. பூவா தலையா போட்டால் எப்படி வருமோ அப்படியே. எட்டு எடுத்தவன் எட்டாம் வகுப்பு மாணவன். அவனைத் தனியே அழைத்து, நாளைக்கு மேடைக்கு வருவாயா, மறுபடியும் சோதிப்போம், மதிப்பெண் எப்படி வந்தாலும் உன்னைப் பற்றி யாரும் தவறாக நினைக்காதபடி நான் பேசுவேன் என்று சொல்லி, அவன் சரி என்ற பிறகுதான் அடுத்த ஏற்பாடுகள். இது சின்ன விஷயம் இல்லை. ஐந்நூறு பேர் முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்தி, பிறகு அவனைக் கேலிப்பொருள் ஆக்கினால், ஆதாரம் கேட்பது என்பது ஆளை அவமானப்படுத்துவது என்றுதான் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மேடையில்

கூட்டத்தில் அவர் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. பையனை மேடைக்கு அழைத்தார். அட்டையையும் துண்டையும் காட்டி, சோதனையை விளக்கினார். "நேற்று இவன் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னான். பார்க்காமல், தொடாமல்." அவ்வளவுதான் சொன்னார், ஒரு பொய்யும் இல்லை. கூட்டம் கை தட்டியது. பின் வரிசையில் யாரோ விசிலே அடித்தார்கள்.

"இவனுக்கு இந்தச் சக்தி இருக்குன்னு நம்புறவங்க கை தூக்குங்க." முக்கால்வாசிக் கைகள் மேலே.

"இது ஆதாரமா?"

ஆமாம் என்று பெரிய சத்தம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "டீச்சர், வேற எத்தனை பேரைச் சோதிச்சீங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் தானே சொல்லிவிடுவதாக ஆசிரியை வைத்திருந்தார். கேட்டது அந்தப் பேச்சுக்குக் கிடைத்த வரம். பன்னிரண்டு பேரின் மதிப்பெண்ணையும் பலகையில் எழுதினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அப்போதும் பலருக்கு விளங்கவில்லை, பன்னிரண்டு பேரில் ஒருவனுக்குத்தானே சக்தி இருக்கிறது, அதில் என்ன தப்பு என்று முன்வரிசைப் பையன் ஒருவன் வாய்விட்டே கேட்டான். அது நல்ல கேள்வி. அதற்குக் கணக்கால் பதில் சொல்லாமல் ஒரு விளையாட்டால் பதில் சொன்னார்.

எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நாணயத்தைச் சுண்டப் போகிறேன், பூ என்று நினைப்பவர்கள் கையைத் தலையில் வையுங்கள், தலை என்று நினைப்பவர்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், தப்பாகச் சொன்னவர்கள் உட்காருங்கள். முதல் சுண்டலில் ஏறக்குறைய பாதி அரங்கம் உட்கார்ந்தது. இரண்டாவதில் கால்வாசிதான் மிச்சம். ஐந்நூறு பேர் 250, 125, 60, 30 என்று கரைவது கண்ணெதிரே தெரிந்தது. ஏழாவது சுண்டலுக்குப் பிறகு மூன்று பேர் நின்றார்கள். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம் ஒலிவாங்கியை நீட்டி, "ஏழு தடவையும் சரியாச் சொல்லிட்டியே, எப்படி?" என்றார். அவன் யோசித்து, "நாணயம் மேல போகும்போதே எனக்குத் தெரிஞ்சிடும் டீச்சர்" என்றான், முழு நம்பிக்கையோடு. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் விஷயம் உள்ளே இறங்கியது என்று நினைக்கிறேன். யாராவது மூன்று, நான்கு பேர் கடைசியில் நின்றே தீருவார்கள் என்று அவர்கள் இப்போது கண்ணால் பார்த்துவிட்டார்கள். நின்றவனுக்கு அது தன் திறமை என்று தோன்றுவதையும் பார்த்துவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் இங்கே ஐந்நூறு காக்கைகள்.

அதற்குப் பிறகுதான் கணக்கு. ஒரு ஆள் பத்து முறை குருட்டாம்போக்கில் சொன்னால், எட்டோ அதற்கு மேலோ சரியாக வர வாய்ப்பு 1024இல் 56, அதாவது நூற்றுக்கு ஐந்தரை. அபூர்வம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் பன்னிரண்டு பேரைச் சோதித்தால், அவர்களில் ஒருவராவது எட்டைத் தொட வாய்ப்பு சரிபாதி. ஏழைத் தொட என்றால் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. ஆக, மேடைக்குக் கூட்டிவர ஒரு 'சக்தி உள்ள' பிள்ளை அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கவே வாய்ப்பு குறைவு. பையன் எடுத்த எட்டும் உண்மை, கூட்டம் கேட்டதும் உண்மை. மற்ற பதினொரு பேரைச் சொல்லாமல் விட்டதுதான் அந்த உண்மையைப் பொய்யான ஆதாரமாக மாற்றியது.

இதை இவ்வளவு தூரம் விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் தவறான தகவல்களில் பெரும்பகுதி அப்பட்டமான பொய் இல்லை. ஒருவர் ஒன்றைச் செய்தார், அவருக்குப் பலித்தது, இரண்டுமே நடந்திருக்கும். ஆதாரம் எங்கே என்று கேட்டால் அந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேட்டவன் வாயடைத்துப்போவான். அதனால்தான் ஆதாரம் கேள் என்ற அறிவுரை மட்டும் போதவில்லை. அந்த மாணவி கேட்ட கேள்விதான் உயிர்நாடி: இந்த ஒருவர் எத்தனை பேரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்?

மறுசோதனை

பையனை மறுபடி உட்கார வைத்தார்கள். மேடையில் ஒரு புதுச் சிக்கல் இருந்தது. ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தால், கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த கூட்டமே முணுமுணுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூன்று பக்கமும் அடைத்த பெட்டிக்குள் கையை வைத்தோம், பதிவு செய்பவர் தவிர யாருக்கும் தெரியாது. தொடங்கும் முன்பே ஆசிரியை பையனிடம், "உனக்கு உணர முடியும்னா எத்தனை வரணும்? நீயே சொல்லு" என்றார். அவன் எட்டு என்றான். அதைப் பலகையில் எழுதி, கீழே கோடு போட்டார்.

நான்கு வந்தது.

ஒருவேளை மறுபடியும் எட்டு வந்திருந்தால்? அதற்கு நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு இருந்தது, அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். அப்படி வந்தால் மேடையிலேயே அதைப் பாராட்டி, மதிய வேளையில் இன்னும் ஐம்பது முயற்சி வைத்து, முடிவை மறுநாள் கூட்டத்தில் சொல்வதாக இருந்தது. அந்தத் திறந்த மனசு வேண்டும். தனக்குப் பிடித்த பதில் வரும்வரை மட்டும் சோதனை செய்வது அவர் எதிர்த்துப் பேசிய அதே தவறு.

பையன் சோர்ந்துபோகவில்லை. ஆனால் விடவும் இல்லை. "இல்லை டீச்சர், எனக்கு நெஜமாவே சுரீர்னு தெரிஞ்சது" என்றான். அவர் உடனே, "உனக்குத் தெரிஞ்சதை நான் மறுக்கலை. நீ பொய் சொல்றேன்னு யாரும் நினைக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டின் இரண்டாவது பத்தியை எடுத்தார். மேடையில் நடந்த பத்தில், உறுதியாக உணர்ந்ததாக அவன் சொன்னவை ஐந்து. அவற்றில் சரியானவை இரண்டு. சுரீர் என்ற உணர்வு வந்தது நிஜம், ஆனால் அது கை இருந்த பக்கத்திலும் வந்தது, இல்லாத பக்கத்திலும் வந்தது. ஐந்து நிமிடம் உள்ளங்கையையே கவனித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏதோ ஒன்று குறுகுறுக்கத்தான் செய்யும். உணர்வு இருக்கிறதா என்பது வேறு, அந்த உணர்வு எதையாவது சரியாகச் சொல்கிறதா என்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் தன் சொந்தப் பதிவேட்டிலிருந்தே பார்த்தான். அவனுடைய முகத்தில் அவமானம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. பதிவேட்டை எட்டிப்பார்த்து, எந்த எண்ணில் எது என்று தானே சரிபார்க்க ஆரம்பித்தான்.

இதற்குப் பிறகு எமிலியின் கதையைச் சொன்னபோது கூட்டம் அதை முற்றிலும் வேறு காதோடு கேட்டது. எமிலியின் சோதனையிலும் ஒரே ஒருவர்தான் பத்துக்கு எட்டு எடுத்தார், மறுசோதனையில் அவருக்கு ஆறுதான் வந்தது என்று சொன்னதும், தங்கள் மேடையில் நடந்ததே அங்கேயும் நடந்திருக்கிறதே என்று முன்வரிசையில் பேச்சு எழுந்தது.

முதல் சுற்று முடிந்ததும் அந்தச் சிகிச்சையாளர்கள் சொன்ன காரணங்களையும் ஆசிரியை வாசித்துக் காட்டினார். முந்தின முயற்சியின் சக்தி கையிலேயே தங்கிவிடுகிறது என்றார்கள். இடது கை சக்தியை வாங்கும், வலது கை கொடுக்கும், அதனால் குழப்பம் என்றார்கள். கை சூடாகிவிட்டது என்றார்கள். எமிலியின் சக்தி எப்படி இருக்கும் என்று முதலில் பழகிக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் என்றார்கள். எமிலி இந்தக் கடைசிக் கோரிக்கையை ஏற்றாள். இரண்டாம் சுற்றில், அவளுடைய இரண்டு கைகளையும் முதலில் உணர்ந்து பார்த்து, எந்தக் கையைப் பயன்படுத்தலாம் என்று அவர்களே தேர்ந்தெடுக்க விட்டாள். மதிப்பெண் 47 சதவீதத்திலிருந்து 41க்கு இறங்கியது. காரணங்கள் எல்லாமே கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றைக் கூட யாரும் சோதனைக்கு முன்னால் சொல்லவில்லை. பலகையில் எட்டு என்று எழுதிக் கோடு போட்டது ஏன் என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

கேள்வி நேரத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், "44 சதவீதம் பாதிக்கும் கீழே இருக்கே, அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்று கேட்டான். ஆசிரியை தயங்காமல் ஆமாம், கொஞ்சம் கீழேதான், இவ்வளவு விலகல் தற்செயலாக இருபதில் ஒரு முறை அளவுக்கு வரும் என்றார். தற்செயலாக இருக்கலாம், நமக்குத் தெரியாத ஏதோ பழக்கம் பின்னால் இருக்கலாம். ஆனால் உணர முடிகிறது என்ற கூற்று உண்மையானால் நூற்றை ஒட்டி வந்திருக்க வேண்டும், அதற்கு இது எந்த வகையிலும் துணை நிற்கவில்லை என்றார். இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னார்: இந்தச் சோதனை, சக்தியை உணர முடிகிறதா என்பதை மட்டும்தான் பார்த்தது. அந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு நோயாளிக்கு மனம் லேசாகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு வேறு சோதனை வேண்டும். எதை நிரூபித்தோமோ அதோடு நிறுத்திக்கொள்வதைப் பிள்ளைகள் முன்னால் செய்துகாட்டியது அந்தப் பேச்சிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அடுத்த வாரங்கள்

முதல் வாரம் கொஞ்சம் தொல்லைதான். "ஆதாரம் என்ன?" என்பது நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாய்ப்பாடாகிவிட்டது. வீட்டுப்பாடம் நாளைக்கு என்றால் ஆதாரம் என்ன, உன் பேனாவை நான் எடுக்கவில்லை என்றால் ஆதாரம் என்ன. எதிராளியின் வாயை மூட அந்த இரண்டு சொல்லும் நன்றாகப் பயன்பட்டன. சில ஆசிரியர்கள் எரிச்சலடைந்தார்கள், அந்த எரிச்சலில் நியாயம் இருந்தது. இது பேச்சின் குறைதான். எந்தக் கூற்றுக்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை கூட வரவில்லை. வீட்டுப்பாடத் தேதிக்கு ஆசிரியர் வாய்ச்சொல்லே போதும், ஒரு மாத்திரையை நிறுத்தச் சொல்பவருக்கு அது போதாது, தப்பாகப் போனால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்து கேட்கும் ஆதாரமும் கூட வேண்டும். வகுப்பாசிரியர்கள் இதைத் தனித்தனியே சொல்லிப் புரியவைக்க வேண்டியதாயிற்று. கூடவே, கேட்பவன் வெறுமனே ஆதாரம் கேட்காமல், "இது தப்பா இருந்தா நமக்கு வேற என்ன தெரிஞ்சிருக்கும்?" என்றும் கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தார்கள். வம்புக்குக் கேட்பவனுக்கு இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வராது, யோசிக்க வேண்டியிருக்கும். வம்பு தானாகக் குறைந்தது.

அந்தக் கேள்வி எங்கே போய் நின்றது என்பதற்கு ஒரு சம்பவம். ஏழாம் வகுப்பில் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று பாடம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், மெழுகுவர்த்தி அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். எரிந்துபோன ஆக்சிஜனின் இடத்துக்குத் தண்ணீர் வந்தது, அதுதான் ஐந்தில் ஒரு பங்கு என்று காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு மாணவி கேட்டாள்: "ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாத் தீருதுன்னா தண்ணியும் எரியும்போதே ஏறணுமே சார்? அணைஞ்ச பிறகுதானே சர்ருன்னு ஏறுது?"

அவள் கவனித்தது சரி. பாடம் எடுத்த ஆசிரியர் அதை ஒதுக்கித் தள்ளாமல் அங்கேயே இரண்டு மெழுகுவர்த்தி, பிறகு மூன்று என்று வைத்துப் பார்த்தார். குவளை அதே குவளை, காற்றும் அதே அளவு, ஆக்சிஜனும் அதே அளவு. ஆக்சிஜன்தான் காரணம் என்றால் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒரே உயரம் ஏற வேண்டும். மெழுகுவர்த்தி கூடக் கூடத் தண்ணீர் கூடுதலாக ஏறியது. நடப்பது என்னவென்றால், சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, குவளையைக் கவிழ்க்கும்போதே கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறிவிடுகிறது, சுடர் அணைந்ததும் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. மெழுகுவர்த்தி ஆக்சிஜன் முழுவதையும் தீர்ப்பதுமில்லை, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 16 சதவீதத்துக்கு வந்ததுமே அணைந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு என்ற கூற்று உண்மை, ஆனால் அதற்குக் காட்டிய ஆதாரம் ஆதாரமே இல்லை. முடிவு சரியாக இருந்தால் ஆதாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். அதே குவளை, அதே மெழுகுவர்த்தியை வைத்து ஒரு தவறான முடிவையும் அவ்வளவு அழகாக 'நிரூபிக்க' முடியும்.

பிறகு அந்த வகுப்பு சரியான சோதனையைச் செய்தது. நனைத்த இரும்பு நாரைச் சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தினார்கள். இங்கே சுடரும் இல்லை, சூடும் இல்லை. இரும்பு துருப்பிடிக்கத் துருப்பிடிக்க ஆக்சிஜன் தீர்கிறது, தண்ணீர் சில நாட்களில் மெதுவாக ஏறி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் நின்றுவிடுகிறது. தினமும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். இரண்டு குழாய் வைத்து ஒன்றில் நாரை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம் என்று அந்த மாணவியே சொன்னாள், மெழுகுவர்த்தியைக் கூட்டிப் பார்த்த அதே யோசனை. நார் கூடுதலாக இருந்த குழாயில் தண்ணீர் வேகமாக ஏறியது, ஆனால் நின்றது ஏறக்குறைய அதே கோட்டில்.

அடுத்த முறை இந்தப் பேச்சில் இரண்டு மாற்றம் செய்யப்போகிறோம். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூவா தலையா விளையாட்டு வரை போதும். பதிவேட்டு விவரம் வந்தபோது அவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் அவர்களை அத்தோடு வகுப்புக்கு அனுப்பிவிடுவது. இன்னொன்று, கூற்றின் எடையைப் பற்றிய ஐந்து நிமிடத்தை மேடையிலேயே சேர்ப்பது, அதற்காக எமிலி கதையைச் சுருக்குவது. அட்டையும் துண்டும் ஆய்வக அலமாரியில்தான் இருக்கின்றன. எட்டு எடுத்த பையனும் அவன் நண்பர்களும் மதிய இடைவேளையில் அதை எடுத்து, தூரத்தை ஐந்து, ஏழு, பத்து சென்டிமீட்டர் என்று மாற்றி, உடல் சூடு எந்தத் தூரம் வரை உள்ளங்கைக்குத் தெரிகிறது என்று பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.